கொள்கை மாற்றத்தை எளிய த்ரெட்டாக விளக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிலெல்லாம் அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிரித்துப் பார்க்கிறேன். 2021 ஜனவரியில் வாட்ஸப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாகப் பயனர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. அப்போது வந்த குழப்பம் பலருக்கு நினைவிருக்கும். எந்த மாற்றத்தை விளக்க உட்கார்ந்தாலும் சந்திக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன.

முழு ஆவணத்தையும் படிச்சுட்டேன். இப்போ எங்கே ஆரம்பிக்கிறது?

இன்னும் எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள்: புதிதாக மாறுவது, முன்பே அப்படித்தான் இருந்தது, மாறாதது. ஆவணத்தில் குறித்துவைத்த ஒவ்வொரு விஷயத்தையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள். த்ரெட்டின் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

வாட்ஸப் விஷயத்தில் பெரும்பாலான விளக்கங்கள் வழுக்கியது இங்கேதான். அறிவிப்புத் திரையில் மூன்று வரிகள் இருந்தன. உங்கள் தரவை எப்படிக் கையாள்கிறோம் என்பது ஒன்று. நிறுவனங்கள் தங்கள் வாட்ஸப் உரையாடல்களைச் சேமித்து நிர்வகிக்க ஃபேஸ்புக்கின் சேவைகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது. ஃபேஸ்புக்கின் மற்ற செயலிகளோடு இணைந்து எப்படிச் செயல்படுகிறோம் என்பது மூன்றாவது. படித்தவர்கள் “ஃபேஸ்புக்” என்ற சொல்லைப் பார்த்தார்கள், “ஒப்புக்கொள்” பொத்தானைப் பார்த்தார்கள், “இனி என் செய்தியெல்லாம் அங்கே போகப்போகிறது” என்ற முடிவுக்கு வந்தார்கள்.

தாளில் பிரித்துப் போட்டிருந்தால் வேறு மாதிரி தெரிந்திருக்கும். நண்பர்கள், குடும்பத்தோடு பேசுவது முனைக்கு முனை மறையாக்கத்தில், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முறையில் இருந்தது; அது மாறாதவற்றில் சேரும். தொலைபேசி எண் போன்ற கணக்கு விவரங்கள் ஃபேஸ்புக்கோடு பகிரப்படுவது 2016 ஆகஸ்ட் மாற்றத்திலேயே வந்துவிட்டது. அப்போது பழைய பயனர்களுக்கு, விளம்பரத்துக்காகப் பகிர்வதிலிருந்து விலகிக்கொள்ள 30 நாள் வாய்ப்பு இருந்தது. இது முன்பே இருந்தவற்றில் சேரும். 2021இன் புதுச் சங்கதி என்று பெரிதாகச் சொல்லக்கூடியது, நிறுவனங்களோடு நாம் நடத்தும் உரையாடல் பற்றியது.

இரண்டாவது பகுதியை அலட்சியமாக விடாதீர்கள். மக்கள் ஒரு பழைய விஷயத்தை இன்றைக்குத்தான் முதல்முறை கேள்விப்படுகிறார்கள் என்றால், அவர்களைப் பொறுத்தவரை அது புதியதுதான். அதை விட்டுவிட்டால் “ஒன்றும் மாறவில்லை என்கிறீர்களே, இதோ இங்கே எழுதியிருக்கிறதே” என்று கேட்பார்கள். புதியதோடு கலந்துவிட்டாலோ, நீங்களே பீதியைக் கிளப்பியவர் ஆவீர்கள். தனிப் பதிவாகப் போட்டு, “இது 2016இலிருந்தே நடப்பது” என்று ஆண்டோடு சொல்லுங்கள்.

முதல் பதிவில் எதைச் சொல்லணும்? பின்னணியை விளக்காம எப்படி ஆரம்பிக்கிறது?

படிப்பவரின் பயத்துக்கு விடை, மாறுவது எது, எந்தத் தேதி. இந்த மூன்றும் முதல் பதிவிலேயே இருக்க வேண்டும். பின்னணி வேண்டும் என்பவர்கள் கீழே வருவார்கள். பலர் முதல் பதிவைத் தாண்டுவதில்லை, ஆகவே அதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் தவறான முடிவோடு போகக் கூடாது.

அந்த ஜனவரி முதல் வாரத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய முதல் பதிவு இது:

> வாட்ஸப் ‘ஒப்புக்கொள்’ என்று கேட்கிறதா? நீங்கள் நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியை இனியும் வாட்ஸப்போ ஃபேஸ்புக்கோ படிக்க முடியாது. மாறுவது, நிறுவனங்களோடு நீங்கள் நடத்தும் உரையாடல். பிப்ரவரி 8 முதல் அமல். என்ன செய்யலாம் என்று 7 பதிவுகளில் சொல்கிறேன்.

முதல் வாக்கியம் திரையில் அவர் பார்த்த அதே சொல்லைப் பிடிக்கிறது. “வாட்ஸப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை: ஒரு பார்வை” என்று தொடங்கியிருந்தால், கையில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு இது தன்னைப் பற்றியது என்றே தெரியாது.

அப்புறம் மீதிப் பதிவுகளை எந்த வரிசையில் வைக்கலாம்?

ஆவணத்தின் வரிசையை மறந்துவிடுங்கள். முதல் பதிவைப் படித்தவர் மனதில் அடுத்து எந்தக் கேள்வி வரும் என்பதுதான் வரிசை.

இந்த உதாரணத்தில், “படிக்க முடியாது என்கிறீர்களே, நிச்சயமா?” என்பதுதான் முதலில் வரும். ஆகவே இரண்டாவது பதிவு மாறாததைப் பற்றியது: தனிப்பட்ட செய்திகளும் அழைப்புகளும் முனைக்கு முனை மறையாக்கத்தில் இருக்கின்றன, அதை இந்த மாற்றம் தொடவில்லை. உடனே அடுத்த சந்தேகம், “அப்போ ஃபேஸ்புக்குக்கு எதுவுமே போகாதா?” போகும், ஆனால் அது 2016இலிருந்து போவது, எவை போகின்றன என்று மூன்றாவது பதிவில் சொல்கிறீர்கள். இப்போதுதான் படிப்பவர் புதிய விஷயத்தைக் கேட்கத் தயாராகிறார். நான்காவது பதிவு அது. ஐந்தாவது, யாருக்குப் பொருந்தாது: ஐரோப்பியப் பகுதிப் பயனர்களுக்குத் தரவுப் பகிர்வில் மாற்றம் இல்லை என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஆறாவது, என்ன செய்வது, செய்யாவிட்டால் என்ன ஆகும். ஏழாவது, மூல ஆவணத்தின் இணைப்பு, த்ரெட் எழுதிய தேதி, இன்னும் தெளிவாகாத விஷயங்கள்.

விதிவிலக்கை ஐந்தாவதாக வைத்ததற்குக் காரணம், விதி என்ன என்று தெரிவதற்கு முன்னால் விலக்கைச் சொன்னால் இரண்டும் மண்டையில் ஏறாது. ஆனால் உங்களைப் பின்தொடர்பவர்களில் பெரும்பகுதியினர் அந்த விலக்குக்குள் வருவார்கள் என்றால், அதை முதல் பதிவுக்கே கொண்டுபோய்விடுங்கள். தங்களுக்குச் சம்பந்தமில்லாததை ஐந்து பதிவு வரை அவர்கள் படிக்கத் தேவையில்லை.

புதிய விஷயமே புரியாத மாதிரி இருக்கு. அதை எப்படி எளிமையாச் சொல்றது?

ஒரு ஆளையும் ஒரு செயலையும் கொண்டுவாருங்கள். கொள்கை ஆவணங்களில் யார் செய்கிறார்கள் என்பதே இருக்காது: சேமிக்கப்படலாம், பகிரப்படலாம், பயன்படுத்தப்படலாம். தமிழில் எழுவாய் இல்லாமலேயே வாக்கியம் ஓடிவிடும் என்பதால், நாமும் அறியாமல் அப்படியே எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு “படலாம்” வரும்போதும் “யார்?” என்று கேட்டு, பதிலை வாக்கியத்துக்குள் வையுங்கள்.

“நிறுவனங்களுடனான உரையாடல்கள் மூன்றாம் தரப்பு உள்கட்டமைப்பில் சேமிக்கப்படலாம்” என்பதை எடுத்துக்கொள்வோம். சரியான வாக்கியம்தான், ஆனால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி மாற்றலாம்:

> நீங்கள் ஒரு விமான நிறுவனத்துக்கு வாட்ஸப்பில் “என் பயணத் தேதியை மாற்ற முடியுமா?” என்று கேட்கிறீர்கள். அந்தச் செய்தியைச் சேமித்துப் பதில் அனுப்ப, அந்த நிறுவனம் ஃபேஸ்புக்கின் சேவையைப் பயன்படுத்தலாம். நீங்கள் கேட்டதை வைத்து அந்த நிறுவனம் உங்களுக்கு விளம்பரமும் காட்டலாம்.

பெயரில்லாத ஒரு நிறுவனம், சாதாரணமான ஒரு கேள்வி, அந்தக் கேள்வி எங்கே போகிறது என்ற பாதை. அவ்வளவுதான். உவமை தேடிப் போக வேண்டாம். “அஞ்சல்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல” என்று எழுதினால், அடுத்த அரை மணி நேரம் அஞ்சல்காரரைப் பற்றிய வாதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நிஜமாக நடப்பதைச் சிறிய அளவில் காட்டினால் போதும்.

“லாம்” என்ற விகுதியைக் கவனமாக வைத்திருங்கள். ஆவணத்தில் ஒரு நிறுவனம் இப்படிச் செய்ய இடமிருக்கிறது என்று இருந்தால், நீங்களும் “செய்யலாம்” என்றுதான் எழுத வேண்டும். சுருக்கும் அவசரத்தில் அது “செய்யும்” ஆகிவிடும். ஓர் எழுத்துத் தேய்ந்து வாய்ப்பு உறுதியாக மாறிவிடுகிறது. வதந்தி பல சமயம் அங்கேயிருந்துதான் கிளம்புகிறது.

280 எழுத்துன்னு சொல்றாங்க. தமிழ்ல பாதியிலேயே முடிஞ்சிடுதே, ஏன்?

எக்ஸ் தளம் நாம் எண்ணும் எழுத்தை எண்ணுவதில்லை. யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. “கொள்கை” நமக்கு மூன்று எழுத்து. அதற்கோ க, ஒகரக் குறி, ள, புள்ளி, க, ஐகாரக் குறி என்று ஆறு. “புதுப்பிப்பு” நமக்கு ஆறு, அதற்குப் பன்னிரண்டு. மேலே உள்ள முதல் பதிவு மாதிரி சுமார் 245 வருகிறது, அதில் 30 சொற்கள்கூட இல்லை. ஆக ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 30 சொல் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றே கணக்கு.

புளூஸ்கையில் வரம்பு 300. ஆனால் அங்கே “கொ” என்பது ஒன்றுதான், ஆகவே தமிழுக்கு இடம் தாராளம். மாஸ்டடானில் இயல்பான வரம்பு 500. ஒரே த்ரெட்டை இரண்டு தளங்களில் போடுவதென்றால், நெருக்கடியான இடத்துக்கு எழுதிவிட்டு மற்றதில் அப்படியே போடுவதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

இடம் போதவில்லை என்றால் சொல்லை வெட்டாதீர்கள், கருத்தைப் பிரியுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி.

நடுவிலிருந்து ஒரு பதிவை மட்டும் எடுத்துப் பகிர்ந்துடறாங்க. என்ன பண்றது?

அதை நிறுத்த முடியாது. ஆகவே எந்தப் பதிவைத் தனியாக எடுத்தாலும் பொய்யாகாதபடி எழுத வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சேவையின் கட்டண விதி மாறியபோது ஆறு பதிவுகளில் எழுதினேன். நான்காவது பதிவு, “இவர்களுக்கு இது பொருந்தாது, பழைய கட்டணமே தொடரும்” என்று ஆரம்பித்தது. “இவர்கள்” யார் என்று மூன்றாவது பதிவின் கடைசி வரியில் இருந்தது. நான்காவதை மட்டும் யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். பழைய கட்டணம் எல்லோருக்கும் தொடர்கிறது என்று நம்பி ஒருவர் கட்டவேண்டியதைக் கட்டாமல் இருந்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து கேட்டார். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பதிவில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து பதிவின் முதல் சொல்லாக இது, அது, இவர்கள், மேலே சொன்ன, அப்படியானால் என்று எதையும் வைப்பதில்லை. ஒவ்வொரு பதிவிலும் என்ன மாற்றம் என்பதை இரண்டு மூன்று சொல்லில் திரும்பச் சொல்கிறேன். “ஐரோப்பியப் பகுதியில் இருப்பவர்களுக்கு வாட்ஸப்பின் தரவுப் பகிர்வில் மாற்றம் இல்லை” என்று தொடங்கினால், அது எங்கே போய் விழுந்தாலும் உண்மையாகவே இருக்கும். வரிசையாகப் படிப்பவருக்குக் கொஞ்சம் திரும்பச் சொல்வது போல இருக்கும், பரவாயில்லை. 3/7 என்ற எண்ணையும் போடுங்கள். படம் பிடித்தாலும் எண் கூடவே போகும், இன்னும் ஏதோ இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

தேதியைச் சொன்ன பிறகும் “எப்போ வரைக்கும்”னு கேட்டுக்கிட்டே இருக்காங்களே?

“வரை” என்று எழுதியிருப்பீர்கள். “பிப்ரவரி 8 வரை” என்றால் எட்டாம் தேதி சேர்த்தியா இல்லையா என்பதில் பத்துப் பேருக்குப் பத்துக் கருத்து. “பிப்ரவரி 8 முதல் புதிய விதி அமல். பிப்ரவரி 7 இரவுக்குள் முடிவெடுங்கள்” என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டால் சந்தேகம் வராது. “அடுத்த திங்கள்”, “இன்னும் ஒரு மாதத்தில்” வேண்டவே வேண்டாம். உங்கள் பதிவு மூன்று வாரம் கழித்து ஒருவர் கண்ணில் படும்போது அந்தத் திங்கள் எந்தத் திங்கள்?

“ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்” என்ற பகுதிதான் ரொம்பச் சிக்கலாகுது. அதை எப்படி எழுதறது?

எதிர்மறைகளை அடுக்காமல் எழுத வேண்டும். “ஒப்புக்கொள்ளாதவர்களின் கணக்கு நீக்கப்படாது என்று சொல்ல முடியாது” என்ற மாதிரி வாக்கியத்தை மூன்று முறை படித்தாலும் நீக்குவார்களா மாட்டார்களா என்று தெரியாது. நபரின் இடத்திலிருந்து இரண்டு பாதைகளாகப் பிரியுங்கள்: ஒப்புக்கொண்டால் இது நடக்கும், சும்மா விட்டால் இது நடக்கும். இரண்டுக்கும் சம இடம் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் எடுக்கப்போவது “சும்மா விட்டால்” பாதையைத்தான். அதனால் அதற்கான பதில் ஆவணத்தில் இல்லையென்றால், “இதற்கு நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை” என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். ஊகத்தை வைத்து இடத்தை நிரப்பாதீர்கள்.

மூன்றாவது ஒரு பாதையும் இருந்தது: வேறு செயலிக்குப் போவது. அந்த வாரத்தில் ஏராளமானவர்கள் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் போனார்கள். இதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் டெலிகிராமில் சாதாரண உரையாடல் முனைக்கு முனை மறையாக்கத்தில் இல்லை, ரகசிய உரையாடலைத் தனியாகத் திறந்தால்தான் உண்டு. ஒரு வழியைக் காட்டும்போது அதன் குறையையும் அதே பதிவில் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கலை. அதையும் த்ரெட்டில் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், கடைசியில், “இது என் கருத்து” என்ற தலைப்போடு. விளக்கத்துக்கு நடுவில் “அநியாயமாக”, “நைசாக” என்று ஒரு சொல் விழுந்தாலும், மாற்றுக் கருத்து உள்ளவர் அங்கேயே நின்றுவிடுவார். அவருக்கும் அந்தத் தேதி தெரிந்தாக வேண்டுமே.

போடறதுக்கு முன்னாடி புரியுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்த விஷயத்தைப் பின்தொடராத ஒருவரிடம் வரைவைக் கொடுங்கள். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு என்ன மாறுகிறது? எப்போதிலிருந்து? நீங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவர் சொல்லும் வாக்கியம் நீங்கள் எழுதியதைவிடத் தெளிவாக இருக்கும், அதையே எடுத்துப் போட்டுவிடலாம். தேதியைத் தப்பாகச் சொன்னால் தேதி தவறான இடத்தில் இருக்கிறது. “எனக்கு ஒன்றும் இல்லை போல” என்றால், யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகவில்லை.

எல்லாப் பதிவுகளையும் குறிப்பேட்டில் எழுதி முடித்த பிறகு மொத்தமாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போட்டால், நான்காவதை எழுதும்போது இரண்டாவதில் தவறு தெரியும். அதற்குள் இரண்டாவது கிளம்பிப் போயிருக்கும்.

த்ரெட் பரவின பிறகு விதியையே மாத்திட்டாங்க. அழிச்சிடலாமா?

பழைய தகவலை நம்பிச் செயல்பட்டால் ஒருவருக்கு நஷ்டம் வரும் என்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கெடு தள்ளிப்போனது போன்ற, தீங்கில்லாத மாற்றம் என்றால் அழிக்க வேண்டாம். பகிர்ந்தவர்களின் பக்கத்தில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும், திருத்தம் அவர்களைப் போய்ச் சேராது.

வாட்ஸப் விஷயத்தில் இது நடந்தது. 2021 ஜனவரி 15 அன்று நிறுவனம் கெடுவை மே 15க்குத் தள்ளியது. பிப்ரவரி 8 அன்று யாருடைய கணக்கும் முடக்கப்படாது, நீக்கப்படாது என்றும் சொன்னது. முதல் பதிவில் பிப்ரவரி 8 என்று போட்ட த்ரெட் எல்லாம் ஒரே நாளில் பழையதாகிவிட்டது. அந்த நிலையில் நான் செய்வது: பழைய முதல் பதிவை மேற்கோளாக வைத்து, “திருத்தம், ஜனவரி 15: கெடு மே 15க்குத் தள்ளிப்போயிருக்கிறது. மற்றதில் மாற்றமில்லை” என்று புதுப் பதிவு போடுவேன். அதே வரியைப் பழைய முதல் பதிவுக்கு நேர்ப் பதிலாகவும் போடுவேன், ஏனென்றால் பழையதைத் திறப்பவர் அங்கேதான் பார்ப்பார். த்ரெட்டின் வாலில் எட்டாவதாகச் சேர்ப்பதால் பயனில்லை, அதுவரை வருபவர் குறைவு. புதியதைப் பக்கத்தின் உச்சியில் பொருத்திவிடுவேன்.

தேதி முதல் பதிவிலும் ஆறாவதிலும் மட்டும் இருந்தால் திருத்த வேண்டியதும் இரண்டே இடம்தான். ஏழிலும் தூவியிருந்தால் ஏழும் தவறு. ஏழாவது பதிவில் எழுதிய தேதியைப் போடச் சொன்னதும் இதற்காகத்தான். அந்த மே மாதத்திலும் கதை முடியவில்லை: ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு வசதிகள் படிப்படியாகக் குறையும் என்று முதலில் சொன்ன நிறுவனம், மாதக் கடைசியில் அப்படிக் குறைக்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்றது. ஆறாவது பதிவுக்கு அதோடு இரண்டாவது திருத்தம்.